டேக்கைப் போட்டோ எடுங்க, டி-ஷர்ட்டை எடை போடுங்க

போன மாதம் கண்டாச்சிபுரத்தில் இருந்து சித்தி பையன் வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ அனுப்பினான். சாலையோரக் கடையில் குவித்து வைத்திருந்த டி-ஷர்ட்களில் ஒன்று அது. முதல் போட்டோவில் சட்டை. இரண்டாவதில் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் பிராண்ட் லேபிள், நடுவில் கத்தரிக்கோல் போட்டு வெட்டியது. மூன்றாவதில் இடுப்புப் பக்கம் உள்ளே தைத்திருக்கும் வெள்ளை லேபிள், ஆனால் பிளாஷ் அடித்து எழுத்தே தெரியவில்லை.

"அக்கா, இது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னு சொல்றாரு. 280 ரூபா. எங்க வாலிபால் டீமுக்கு 12 எடுக்கலாம்னு இருக்கோம். என்ன பிராண்டுனு பாத்து சொல்லுக்கா" என்று கீழே எழுதியிருந்தான்.

12 சட்டை என்றால் 3,360 ரூபாய். ஆளுக்கு 280 வீதம் பசங்களே போட்டு வசூல் பண்ணிய காசு. வாங்கிய பிறகு சுருங்கினாலும் முறுக்கினாலும் அந்தக் கடை மறுவாரம் அதே இடத்தில் இருக்குமா என்பது தெரியாது. அதனால் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அவனுக்கு நான் சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

லேபிளை ஏன் வெட்டுகிறார்கள்?

திருப்பூரில் ஒரு வெளிநாட்டு ஆர்டருக்குத் துணி வெட்டும்போது, சேதாரத்துக்காகக் கேட்ட எண்ணிக்கையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள். ஆர்டர் போன பிறகு மிச்சமாவது சர்ப்ளஸ். தரப் பரிசோதனையில் கழித்துக் கட்டியது செகண்ட்ஸ். இரண்டும் திருப்பூர் காதர்பேட்டை போன்ற மொத்தச் சந்தைகளுக்குப் போய், அங்கிருந்து மூட்டை மூட்டையாக நம் ஊர்ப் பக்கம் வருகின்றன. பிராண்ட் பெயரோடு வெளிச்சந்தையில் விற்கக் கூடாது என்பது வாங்குபவர் போடும் நிபந்தனை, அதனால்தான் கழுத்து லேபிளில் கத்தரி விழுகிறது. கடைக்காரர் இரண்டையும் சேர்த்து "சர்ப்ளஸ்" என்றே சொல்வார். நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கழுத்து லேபிளை வெட்டுபவர்கள் இடுப்பு லேபிளை பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். துவைக்கும் முறை, நூல் விவரம், தயாரித்த நாடு எல்லாம் அந்த வாஷ்கேர் லேபிளில்தான் இருக்கும். நமக்கு வேண்டிய துப்பும் அங்கேதான்.

போட்டோவை இப்படி எடுங்க

வாஷ்கேர் லேபிள் பளபளப்பான சாட்டின் துணி. பிளாஷ் போட்டால் வெள்ளையாகத்தான் வரும். பிளாஷை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, லேபிளை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து எடுக்கவும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு லேபிள் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். நிறைய பேர் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். நம்பர் பெரும்பாலும் கடைசி லேபிளின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

இணையத்தில் சட்டைப் படத்தைக் கொடுத்துத் தேடினால் அதே நிறத்தில், அதே வெட்டில் நூறு சட்டை வரும். அதில் பலன் குறைவு. லேபிளில் உள்ள எழுத்தையும் எண்ணையும் தேடுவதுதான் உருப்படியான வழி.

RN என்ற எண்

தம்பி இரண்டாவது முறை அனுப்பிய போட்டோவில் RN என்று எழுதி ஐந்து இலக்க எண் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே CA என்று இன்னொரு எண்.

அமெரிக்காவில் விற்கும் துணியின் லேபிளில் அதற்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் கொடுக்கும் RN எண்ணைப் போட்டாலும் போதும். CA என்பது கனடாவின் அதே மாதிரியான எண். RN எண்ணை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். போன் பிரவுசரில் `rn.ftc.gov` என்று அடித்து, RN என்ற எழுத்துகளை விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, என்ன பொருள் விற்கிறது என்ற விவரம் வரும். உதாரணத்துக்கு 56323 என்று போட்டுப் பாருங்க. நைக் நிறுவனத்தின் பெயர் வரும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். முதலாவது, அந்த எண் நிறுவனத்தின் எண், பிராண்டின் எண் அல்ல. ஒரே நிறுவனம் பத்துப் பெயரில் சட்டை விற்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே RN இருக்கலாம். தம்பியின் சட்டைக்கும் அதுதான் நடந்தது. அந்த எண் ஒரு அமெரிக்க இறக்குமதி நிறுவனத்தைக் காட்டியது. அந்த நிறுவனம் பல கடைகளுக்கு அவரவர் பெயரில் சட்டை செய்து கொடுக்கிறது. ஆகவே "யார் இறக்குமதி செய்ய ஆர்டர் கொடுத்தது" என்பது வரை தெரிந்தது, எந்தப் பெயரில் விற்க இருந்தது என்பது தெரியவில்லை. அதற்கு மேல் லேபிளில் இருந்து இழுக்க முடியாது.

இரண்டாவது ஏமாற்றம் பெரியது. எண் சரியாக இருப்பதால் மட்டும் சட்டை அசல் ஆகிவிடாது. போலி செய்பவர் அசல் லேபிளைப் பார்த்து எண்ணையும் சேர்த்தே அச்சடிப்பார். பிரபலமான விளையாட்டு பிராண்ட் என்று சொல்லி விற்கும் சட்டையில் அந்த பிராண்டின் எண் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. மாறாக, எண் வேறு ஒரு நிறுவனத்தைக் காட்டினால் அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம். அதாவது இந்தச் சோதனையில் ஒரு சட்டையைச் சந்தேகப்படலாம், ஆனால் அசல் என்று சான்று கொடுக்க முடியாது.

RN இல்லாமல், ஏழெட்டு மொழிகளில் அடுக்கடுக்காக எழுதியிருந்தால் அது ஐரோப்பாவுக்குப் போக இருந்தது. அதில் எண்ணுக்குப் பதில் முகவரியைத் தேடுங்க. ஸ்பெயின் நாட்டின் ஆர்தெய்ஷோ ஊர் முகவரி இருந்தால் அது ஸாரா பிராண்டின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ். ஊர் பெயரையும் தெருவையும் அப்படியே தேடலில் போட்டாலே பெரும்பாலும் நிறுவனம் தெரிந்துவிடும்.

நம் நாட்டு பிராண்ட் என்றால்

கடையில் தொங்கவிட்டு விற்கும் உள்நாட்டு டி-ஷர்ட், பனியனில் தயாரித்தவர் அல்லது விற்பனை செய்யும் நிறுவனத்தின் பெயர், புகார் சொல்ல மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும், சென்டிமீட்டரோடு சேர்த்து அளவு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளில் 2022-ல் செய்த திருத்தம், பிரித்து வைத்து விற்கும் ஆயத்த ஆடைகளுக்கு மற்ற பல விவரங்களில் இருந்து விலக்கு கொடுத்தது. ஆனால் இவற்றுக்கு விலக்கு இல்லை.

தெரிந்த பிராண்ட் பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தால், அல்லது கேள்விப்படாத பெயராக இருந்தால், வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடலாம். `tmrsearch.ipindia.gov.in` தளத்தில் பெயரைப் போட்டு, வகுப்பு என்ற இடத்தில் 25 கொடுக்கவும். ஆடை, காலணி, தொப்பி எல்லாம் 25-ஆம் வகுப்பு. பெயர் யாருடையது, பதிவாகிவிட்டதா, விண்ணப்ப நிலையில் இருக்கிறதா என்று வரும். பெயர் இருப்பதாலேயே துணி நல்லது என்று ஆகிவிடாது, பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது என்பதற்குத்தான் இது.

இனி துணிக்கு வருவோம்

பிராண்ட் தெரியவில்லை என்றதும் தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு இல்லை. செகண்ட்ஸாகக் கழித்த சட்டையாக இருந்தால் பெரிய பிராண்டின் பெயர் அதைக் காப்பாற்றாது. "12 எடுக்காதே, ஒண்ணு மட்டும் வாங்கு. ஒரு நாள் டைம் கேளு" என்றேன். 280 ரூபாயில் ஒரு சோதனை. வாங்கிக்கொண்டு போனான்.

முதலில் எடை. பனியன் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. சாதாரண டி-ஷர்ட் துணி 140 முதல் 200 வரை இருக்கும். 140 என்றால் வெயிலுக்கு இதமாக, மெலிசாக இருக்கும். வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே போட்டது தெரியும். 180-க்கு மேல் போனால் உருவம் குலையாமல் நிற்கும், ஆனால் நம் ஊர் மே மாதத்தில் விளையாடப் போட்டால் நனைந்து உடம்போடு ஒட்டும். அதிகம் என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை, எதற்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கடைக்காரர் 180 என்று சொல்லியிருந்தார். சரிபார்க்க மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும். எல் அளவுச் சட்டையைத் தராசில் வைத்தான், 156 கிராம் காட்டியது. பிறகு தரையில் விரித்து அளந்தான். நீளம் 72 செ.மீ., அகலம் 54 செ.மீ. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்த்தால் சுமார் 0.78 சதுர மீட்டர். கை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20-க்கு 20, இரண்டு கை, இரண்டு பக்கம், 0.16. கழுத்து ஓட்டைக்கு 0.02 கழித்தால் மொத்தம் 0.92. 156-ஐ 0.92-ஆல் வகுத்தால் 170 வருகிறது. கழுத்துப் பட்டை, தையல் மடிப்பு எல்லாம் சேர்ந்த எடை என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 180 இல்லை, ஆனால் பெரிய பொய்யும் இல்லை. மளிகைக் கடைக்காரர் மட்டும் "என்னப்பா, சட்டையைக் கிலோ கணக்கில விக்கப் போறியா?" என்று கேட்டாராம்.

அடுத்து, லேபிளில் 100 சதவீதம் காட்டன் என்று இருந்ததே, அது உண்மையா? இதற்கு எரித்துப் பார்க்கும் பழைய முறை இருக்கிறது. தம்பி உள் தையலில் இருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சி காட்டினான். நூல் சுருண்டு உருகி, கருப்பு மணியாகக் கெட்டியானது. உடனே எனக்கு போன். "க்கா, மொத்தமும் பாலியஸ்டர்! ஏமாத்திட்டாரு."

ஏமாந்தது அவன்தான். காட்டன் சட்டையையும் பாலியஸ்டர் தையல் நூலால்தான் தைப்பார்கள். அந்த நூல் அறுந்துபோகாது என்பதற்காக. எரிக்க வேண்டியது தையல் நூலை அல்ல, துணியை. உள்பக்கம் ஓவர்லாக் தையலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் துணி ஓரத்தில் அரிசி அளவுக்கு நறுக்கி எடுத்து, அதில் தையல் நூல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீர் உள்ள கிண்ணத்துக்கு மேலே எரிக்க வேண்டும். காட்டன் என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், தீ அணைந்த பிறகும் ஓரம் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்கும், சாம்பல் விரலில் தேய்த்தால் மாவாகப் போகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சாம்பலில் கெட்டியான துகள் விரலில் நெருடும். இரண்டாவது முறை தம்பிக்கு வந்தது மாவுச் சாம்பல்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. ரேயான் என்று நாம் சொல்லும் விஸ்கோஸும் மரக்கூழில் இருந்து வருவது, அதனால் காட்டன் மாதிரியே எரியும். துணி வழவழவென்று குளிர்ச்சியாக, கனமாகத் தொங்கினால் சந்தேகப்படலாம். அப்போது துணி ஓரத்தில் இருந்து உருவிய நூலை ஈரமாக்கி இழுத்துப் பாருங்க. விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழந்து சட்டென்று அறுந்துபோகும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

கடையில் தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். துணியைப் பதப்படுத்தும் கடைசிக் கட்டத்தில் சேர்க்கும் மென்மையாக்கி அந்த வழவழப்பைக் கொடுத்திருக்கலாம், நாலு துவையலில் போய்விடும். அதைவிட வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது மேல். நூல் ஒரே சீராக இருந்தால் துணி ஒரே மாதிரி தெரியும். கோடு கோடாகத் தடித்தும் மெலிந்தும் தெரிந்தால் நூல் சீராக இல்லை. பரப்பில் நிறைய பிசிறு முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது சீவாத நூல். குட்டைப் பஞ்சை நீக்கிச் சீவிய நூலைத்தான் திருப்பூரில் கோம்டு என்கிறார்கள். சீவாத நூல் துணியில் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். தையல் ஓரத்தை இரண்டு கையாலும் மெதுவாக விரித்து, ஊசி குத்திய இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்க. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது ஓடிக்கொண்டே போகும்.

ஒரே ஒரு துவையல்

துவைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். துவைக்கும் முன் தோள் முதல் அடிவரை நீளத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஊறவைத்து, எப்போதும் போல் சோப்புப் போட்டுத் துவைத்து, பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் கட்டில் மேல் விரித்துக் காயவைக்கவும். தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீளமாகி, சுருக்கம் மறைந்துவிடும்.

தம்பியின் சட்டை 72-ல் இருந்து 68.5 செ.மீ. ஆகிவிட்டது. 3.5 செ.மீ. குறைவு, கிட்டத்தட்ட 5 சதவீதம். வாங்குபவர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும் எல்லையும் அதுதான், ஆகவே விளிம்பில் நிற்கிறது.

முறுக்குதான் மோசம். இரண்டு தோளையும் சரியாகச் சேர்த்துப் பிடித்து சட்டையை விரித்தால், பக்கத் தையல் அக்குளில் இருந்து நேராகக் கீழே வர வேண்டும். இதில் ஒரு பக்கத் தையல் அடியில் 4 செ.மீ. முன்பக்கமாக வந்து நின்றது. டி-ஷர்ட் துணி பெரும்பாலும் ஒற்றைப் பின்னல். நூலை முறுக்கி நூற்றிருக்கிறார்கள், அந்த முறுக்கு தண்ணீர் பட்டதும் பிரிய முயலும், கண்ணிகள் சாய்ந்து துணியே ஒரு பக்கமாகத் திரும்பும். சாயம் போட்ட பிறகு துணியைச் சரியாகச் சமன் செய்து காம்பேக்ட் செய்திருந்தால் இது அடங்கும். அவசரத்தில் விட்டிருந்தால் அடங்காது. 68.5-க்கு 4 என்றால் 6 சதவீதம் அளவுக்கு. இந்த லாட் கப்பல் ஏறாமல் கண்டாச்சிபுரம் வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அதாவது சர்ப்ளஸ் இல்லை, செகண்ட்ஸ்.

சாக்ஸ் வேறு மாதிரி

அதே கடையில் தங்கைக்கு ஸ்கூல் சாக்ஸும் பார்த்திருந்தான். மூன்று ஜோடி 100 ரூபாய், அட்டையில் "ப்யூர் காட்டன்". சாக்ஸில் அந்த வார்த்தையைப் பார்த்தால் நான் சிரிப்பேன். முழுக்கப் பருத்தியில் சாக்ஸ் போட்டால் மதியத்துக்குள் கணுக்காலில் வந்து விழும். நல்ல காட்டன் சாக்ஸில் பருத்தி 70, 80 சதவீதம் இருக்கும், குதிகால் தேயாமல் இருக்க நைலான் கொஞ்சம், பிடித்து நிற்க எலாஸ்டேன் 2, 3 சதவீதம். கலவையை மறைக்காமல் அச்சிட்டிருக்கும் அட்டையைத்தான் நம்பலாம்.

சாக்ஸை எரித்துப் பார்ப்பதில் பயன் இல்லை, எப்படியும் கலவைதான். கையை உள்ளே விட்டு விரல்களை விரித்து வெளிச்சத்தில் பாருங்க. குதிகாலும் விரல் நுனியும் மற்ற இடத்தை விட அடர்த்தியாகத் தெரிய வேண்டும். ஒரே மாதிரி ஒளி புகுந்தால் முதல் ஓட்டை அங்கேதான் விழும். மேல் பட்டையை இரண்டு மடங்கு இழுத்து விட்டால் உடனே பழைய அகலத்துக்கு வர வேண்டும். கடைசியாக உள்பக்கம் திருப்பி விரல் நுனித் தையலைத் தடவிப் பாருங்க. தடித்த கயிறு மாதிரி இருந்தால் ஷூவுக்குள் நாள் முழுக்க உறுத்தும், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. தம்பி பார்த்த சாக்ஸில் குதிகால் அடர்த்தி இல்லை, தையலும் தடிமன். வாங்கவில்லை.

பில்லும் புகாரும்

உள்நாட்டு பிராண்டில் லேபிள் சொல்வது ஒன்றும் துணி வேறொன்றுமாக இருந்தால் முதலில் லேபிளில் உள்ள நிறுவன எண்ணுக்குப் பேசுங்க. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும், லேபிள் போட்டோ வேண்டும். சட்டையைத் துவைப்பதற்கு முன் எடுத்த போட்டோவும் அளவும் இருந்தால் பேச்சு சுலபம். நூல் கலவையைப் பற்றிய வழக்கு என்றால் வீட்டில் எரித்துப் பார்த்தது சாட்சி ஆகாது, ஆய்வகப் பரிசோதனைதான் எடுபடும்.

பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருந்தால் `services.gst.gov.in` தளத்தில் வரி செலுத்துவோர் தேடலில் போட்டுக் கடையின் பதிவுப் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் எண் 33 என்று தொடங்கும். சாலையோரக் கடையில் பில் எதிர்பார்க்க முடியாது, அதனால்தான் அங்கே 12 வாங்குவதற்கு முன் ஒன்று.

மறுநாள் தம்பி துவைத்த சட்டையை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனான். சண்டை போடவில்லை. தையல் திரும்பியதை விரித்துக் காட்டி, "அண்ணே, இது செகண்ட்ஸ் தானே?" என்று கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமாம்பா, மூட்டையா வரும்போது நாங்களும் பிரிச்சா பாக்கறோம்" என்றாராம். பயிற்சிக்குப் போட முறுக்கு பெரிய குறை இல்லை என்று டீம் முடிவு செய்தது. துணி காட்டன்தான், கனம் போதும். சுருங்கும் என்று தெரிந்ததால் எல்லாருக்கும் ஒரு அளவு பெரிதாக எக்ஸ்எல் எடுத்தார்கள். மிச்சம் 11 சட்டை, 190 ரூபாய் வீதம். போட்டிக்குப் போட வேறு சட்டை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று இன்னொரு லேபிள் போட்டோ வந்தது, இந்த முறை பிளாஷ் இல்லாமல்.